தவறா வந்த காசு: செலவும் பண்ண வேணாம், நீங்களா திருப்பி அனுப்பவும் வேணாம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க. வீட்டுல போன்ல பேங்க் ஆப் வெச்சிருக்கிற பிள்ளைங்ககிட்டயும் காட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானப் பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப பின்னாடி ஒரு வாக்குவாதம். தெரியாத ஆளுகிட்டேர்ந்து நம்ம அக்கவுண்டுல திடீர்னு காசு விழுந்தா என்ன செய்யறதுன்னு பேச்சு. ஒரு அக்கா சொன்னாங்க, "நான் கஷ்டத்துல இருக்கிறது அம்மாவுக்குத் தெரியும், அவளே குடுத்ததுன்னு எடுத்துக்குவேன்." ஒரு தம்பி சொன்னாரு, "நான் என்ன திருடுனேனா? தப்பு பண்ணது அனுப்பினவன். என் அக்கவுண்டுக்கு வந்துட்டா என் காசு." மூணாவதா நம்ம பெரியவர் ஒருத்தர், "அதெல்லாம் பேசாதீங்கப்பா, யாரு கேட்டாங்களோ உடனே அவங்களுக்கே திருப்பி அனுப்பிடணும், அதான் நேர்மை" அப்படின்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க.

நான் அப்போ வாயைத் திறக்கல. மூணு பேரு சொன்னதும் தப்புன்னு சொன்னா, பாத்திரம் கழுவுற இடத்துல சண்டையாயிடும். முதல் ரெண்டும் தப்புன்னு உங்களுக்கே தெரியும். பெரியவர் சொன்னது ஏன் தப்புங்கறதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். நல்ல மனசுக்காரங்க மாட்டிக்கிறது அதுலதான்.

நான் வேலை செய்யற ஃபேக்டரியில, என் லைன்ல ஒரு பொண்ணு ஓப்பரேட்டரா இருக்கு. பீடோங் பக்கம் தோட்டத்துல பொறந்து வளர்ந்த பிள்ளை. புருஷன் லாரி ஓட்டுறாரு, ரெண்டு பிள்ளைங்க. ஒரு செவ்வாய்க்கிழமை ரெஸ்ட் நேரத்துல முகமெல்லாம் வெளுத்துப்போய் வந்துச்சு. "அண்ணே, என் அக்கவுண்டுல 2,850 வெள்ளி வந்திருக்கு. யாருன்னே தெரியல." அதுக்கு முன்னாடி அந்த அக்கவுண்டுல இருந்தது 63 வெள்ளி. சம்பளம் வர இன்னும் ஒன்பது நாள் இருக்கு.

காசு விழுந்து இருபது நிமிஷத்துல போன். ஒரு ஆம்பளைக் குரல், மலாய்ல பேசுது, அழுவாத குறை. "காக், தொலோங் லா, சயா சாலா ஹந்தார்." அக்கா, உதவி பண்ணுங்க, நான் தப்பா அனுப்பிட்டேன், அது என் அம்மா ஆஸ்பத்திரி காசுன்னு. அனுப்பின அக்கவுண்டு இப்போ பிளாக் ஆயிடுச்சாம், அதனால அண்ணன் அக்கவுண்டுக்குப் போட்டுடுங்கன்னு ஒரு நம்பரும் வாட்ஸ்அப்புல அனுப்பிட்டான். நன்றிக்கு 50 வெள்ளியை நீங்களே வெச்சுக்குங்கன்னும் சொல்லியிருக்கான். இந்தப் பிள்ளை அந்த 50 வெள்ளியும் வேணாம், முழுசா அனுப்பிடலாம்னு ஆப்பைத் திறந்து வெச்சிருக்கு. கடைசி பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேட்கத் தோணியிருக்கு, அவ்வளவுதான்.

நான் கேட்டது ரெண்டே கேள்வி. காசு யாரு பேருல வந்துச்சு? திருப்பிப் போடச் சொன்ன அக்கவுண்டு யாரு பேருல இருக்கு? ஆப்புல போய்ப் பார்த்தோம். அனுப்பினது ஒரு பொம்பளை பேரு. திருப்பிக் கேட்கிற நம்பரை அடிச்சுப் பார்த்தா வேற ஒரு ஆம்பளை பேரு காட்டுது. ரெண்டு பேருக்கும் குடும்பப் பேருல எந்த ஒட்டும் இல்ல. அதோட நிறுத்திட்டோம்.

மறுநாள் அரை நாள் லீவு போட வெச்சு சுங்கை பட்டாணியில அவ பேங்க் கிளைக்கு நானே கூட்டிட்டுப் போனேன். பேங்க்ல விசாரிச்சப்ப வந்த பதில் இதுதான். அனுப்பின அந்தப் பொம்பளை வேற ஒரு மாநிலத்துல இருக்காங்க. ஃபேஸ்புக்ல பழைய மோட்டார் ஒண்ணு விலைக்கு வருதுன்னு பார்த்து, விக்கிறவன் சொன்ன நம்பருக்குக் காசு போட்டிருக்காங்க. அவன் குடுத்த நம்பர் நம்ம பொண்ணோட போன் நம்பர். மோட்டார் வரல, ஆளும் இல்ல. ஏமாந்துட்டோம்னு தெரிஞ்சு அவங்க போலீஸ் ரிப்போர்ட்டும் போட்டுட்டாங்க.

இப்போ யோசிச்சுப் பாருங்க. நம்ம பொண்ணு நல்ல எண்ணத்தோட அந்த 2,850-ஐ "அண்ணன்" அக்கவுண்டுக்கு அனுப்பியிருந்தா என்ன ஆகும்? அந்தப் பொம்பளை ரிப்போர்ட்டுல இருக்கிறது நம்ம பொண்ணு அக்கவுண்டு. போலீஸ்காரன் பார்க்கும்போது, காசு வந்துச்சு, அரை மணி நேரத்துல வேற ஒருத்தனுக்குப் போயிடுச்சு. மோசடிக்கு அக்கவுண்டு வாடகைக்கு விட்ட "கெல்டாய் அக்கவுண்டு" ஆளுங்க செய்யறதும் இதேதான். பார்க்கிறவனுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நான் அப்பாவின்னு நிரூபிக்கிறது அவ பாடு. அதுக்கப்புறம் அந்தப் பொம்பளை "என் காசைக் குடு"ன்னு கேட்டா, கையிலேர்ந்து இன்னொரு 2,850 எடுத்துக் குடுக்கணும். 2024-லேர்ந்து இந்த மாதிரி அக்கவுண்டை மத்தவங்களுக்குப் பயன்பட விடுறதுக்குன்னே குற்றவியல் சட்டத்துல தனிப் பிரிவுகள் சேர்த்திருக்காங்க. விளையாட்டு இல்ல.

அவனுக்கு எப்படி அவ நம்பர் கிடைச்சுச்சுன்னு பல பேரு கேட்டாங்க. டூயிட்நவ்ல போன் நம்பரே அக்கவுண்டு நம்பர் மாதிரிதானே. நம்ம போன் நம்பர் எத்தனை இடத்துல கிடக்கு? கேட்டரிங் போர்டுல, பலகாரம் விக்கிற போஸ்ட்டுல, கல்யாணப் பத்திரிகையில. அந்த ஒரே நம்பரை வெச்சுக் காசும் போட வைக்கலாம், போனும் பண்ணலாம். அதே சமயம், காசு வந்தது உங்க பேங்க் அக்கவுண்டு நம்பருக்கு, ஆனா கேட்கிறவன் உங்க போனுக்குக் கூப்பிடுறான்னா அங்கேயே உஷாராயிடுங்க. அக்கவுண்டு நம்பரை மாத்தி அடிச்ச அந்நியனுக்கு உங்க போன் நம்பர் எங்கேர்ந்து தெரியும்? பேங்க் அதைக் குடுக்கவே குடுக்காது.

சரி, நிஜமாவே தப்பா அனுப்பினவங்க இல்லையான்னு கேட்டா, நிறைய இருக்காங்க. நானே ஒருத்தன்.

சில வருஷம் முன்னாடி ஒரு கல்யாணத்துக்குப் பந்தல்காரருக்கு 1,200 வெள்ளி முன்பணம் அனுப்பணும். ஷிஃப்ட் முடிஞ்சு கார்ல உக்காந்துக்கிட்டு, கண்ணாடி இல்லாம அடிச்சேன். கடைசி ரெண்டு நம்பர் இடம் மாறிப்போச்சு. பணம் போறதுக்கு முன்னாடி ஆப்புல வாங்கறவர் பேரு காட்டும், நான் படிக்கல. பந்தல்காரர் ரெண்டு நாள் கழிச்சு "அண்ணே காசு வரலையே"ன்னு கேட்டப்பதான் பார்க்கறேன், காசு ஏதோ ஒரு சீனர் பேருக்குப் போயிருக்கு. உடனே பேங்குக்கு ஓடினேன். ஃபாரம் எழுதிக் குடுத்தேன். அவர் யாரு, எங்க இருக்காருன்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அப்போ எனக்குக் கோபம். இப்போ யோசிச்சா அது சரிதான். சொல்லியிருந்தா நான் நேரா வீட்டுக்கே போயிருப்பேன்.

அப்பதான் இந்த முறையைப் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன். டூயிட்நவ் விதிமுறையிலேயே எழுதியிருக்கு, ஆனா யாரு படிக்கிறா? தப்பா அனுப்பினவர் 10 வேலை நாளுக்குள்ள தன் பேங்குல சொல்லிட்டா, வாங்கினவரோட பேங்க் அது தப்பா வந்ததுதான்னு உறுதி பண்ணிக்கிட்டு, அவருக்குத் தகவல் சொல்லிட்டு, அக்கவுண்டுல இருந்து எடுத்துத் திருப்பிக் குடுக்கலாம். அதுக்கு அவர் சம்மதம்னு தனியா ஒரு கையெழுத்து வேணாம். 10 வேலை நாள் தாண்டி 7 மாசத்துக்குள்ள சொன்னா, வாங்கினவருக்கு 10 வேலை நாள் அவகாசம் குடுப்பாங்க. இது எனக்குச் சேர வேண்டிய காசுதான்னு ஆதாரம் காட்ட முடிஞ்சா காட்டலாம், காட்டலைன்னா எடுத்துடுவாங்க. 7 மாசம் தாண்டிட்டா அவரா ஒத்துக்கிட்டாதான். ஆனா இந்த மூணுக்குமே ஒரு நிபந்தனை உண்டு. அக்கவுண்டுல காசு இருக்கணும்.

என் கேஸ்ல இல்ல. நான் ரெண்டு நாள்ல சொல்லியும், அந்த அக்கவுண்டுல மிச்சம் இருந்ததா எனக்குக் கிடைச்சது 11 வெள்ளி சொச்சம். ஏடிஎம்ல எடுத்துட்டாரு. போலீஸ் ரிப்போர்ட் போட்டேன். வக்கீல் வெச்சுக் கேஸ் போட்டா ஆகிற செலவு 1,200-க்கு மேல. விட்டுட்டேன். அந்த மாசம் பந்தலுக்கு ரெண்டாவது தடவை காசு கட்ட என் மனைவி காதுல கிடந்ததை அடகு வெச்சோம். அந்த மனுஷன் கெட்டவரா? எனக்குத் தெரியாது. அவரும் நம்ம தம்பி மாதிரி "என் அக்கவுண்டுக்கு வந்தா என் காசு"ன்னு நெனைச்சிருக்கலாம். அவரும் யாரோ ஒரு சாமி குடுத்ததுன்னு கும்பிட்டிருக்கலாம். அந்த அக்கா "அம்மா குடுத்தது"ன்னு சொன்னப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்தது அதனாலதான். அங்க ஒரு அம்மா குடுத்தா, இங்க இன்னொரு அம்மா காதுல இருந்து எடுத்துத்தான் குடுத்திருக்கா.

தம்பிக்கு இப்போ சட்டம் சொல்றேன். எனக்கு எஸ்பிஎம் படிப்புதான், ஆனா இந்த ரெண்டு பிரிவும் தேடிப் படிச்சு வெச்சிருக்கேன். 1950-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 73-ஆவது பிரிவு. தவறுதலா ஒருத்தருக்குக் காசு குடுக்கப்பட்டா வாங்கினவர் அதைத் திருப்பிக் குடுத்தே ஆகணும்னு சொல்லுது. தப்பு யாரோடதுன்னு அது கேட்கலை. அனுப்பினவன் கண்ணாடி போடலையா, பேங்க் கிளார்க் தூங்கிட்டாரா, அது வேற பேச்சு. ரெண்டாவது, குற்றவியல் சட்டம் 403-ஆவது பிரிவு. அடுத்தவர் சொத்தை நேர்மையில்லாம தன்னோடதா ஆக்கிக்கிறது. குறைஞ்சது ஆறு மாசம், கூடினது அஞ்சு வருஷம் ஜெயில், அதோட பிரம்படி, அபராதமும் போடலாம். "நான் திருடலையே, தானா வந்துச்சே"ங்கறதுக்குப் பதில் இந்தப் பிரிவுலதான் இருக்கு. காசு வந்தது குற்றம் இல்ல. என்னோடது இல்லைன்னு தெரிஞ்ச பிறகு அதுல கை வைக்கிறதுதான் குற்றம்.

இது நடக்குமா, சும்மா பயமுறுத்துறீங்களான்னு கேட்கிறவங்களுக்கு நம்ம நாட்டோடயே ஒட்டுன ஒரு கேஸ் சொல்றேன். ஆஸ்திரேலியா மெல்பர்ன்ல நடந்தது. பேரு வேணாம், தமிழ்ப் பேருதான், அந்தப் பொண்ணுக்கு மலேசியாவுல சொந்தபந்தம் இருக்கு. Crypto.com-னு டிஜிட்டல் காசு வாங்கி விக்கிற பெரிய கம்பெனி. 2021 மே மாசம், அந்தப் பொண்ணோட பேங்க் அக்கவுண்டுலேர்ந்து கூட்டாளி ஒருத்தர் தன் கணக்குக்கு 100 டாலர் போட்டிருக்காரு. பேரு ஒத்துப்போகலைன்னு கம்பெனி அந்த 100-ஐத் திருப்பி அனுப்பணும். திருப்பி அனுப்ப எழுதின ஊழியர், தொகை எழுத வேண்டிய கட்டத்துல அக்கவுண்டு நம்பரை எழுதிட்டாரு. 100 டாலருக்குப் பதிலா போனது 1 கோடியே 4 லட்சத்து 74 ஆயிரத்துச் சொச்சம் ஆஸ்திரேலிய டாலர். நான் லைன்ல இருபது வருஷத்துக்கு மேல ஃபாரம் நிரப்புறவன். பக்கத்துக் கட்டத்துல எழுதுற தப்பு எனக்குத் தெரியும். எங்க இடத்துல ஒருத்தன் தேதி கட்டத்துல எண்ணிக்கையை எழுதி ஒரு பேலட் திரும்பி வந்திருக்கு. ஆனா பத்து மில்லியன்!

இன்னொரு ஆச்சரியம், கம்பெனிக்கு ஏழு மாசம் தெரியவே இல்ல. 2021 டிசம்பர்ல கணக்குத் தணிக்கை பண்ணும்போதுதான் கண்டுபிடிச்சாங்க. அந்தக் காசுல வீடுங்க வாங்கியாச்சு. அதுல ஒண்ணு மெல்பர்ன் வடக்கே கிரெய்கிபர்ன்ல 13 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வீடு, மலேசியாவுல இருக்கிற தங்கச்சியோ அக்காவோ, ஒரு சகோதரி பேருல வாங்கியிருக்காங்க. மலேசியாவுக்கும் காசு வந்திருக்கு. 2022 மார்ச்ல அந்தப் பொண்ணு மலேசியாவுக்குப் பிளேன் ஏறப் போனப்ப மெல்பர்ன் ஏர்போர்ட்லயே பிடிச்சுட்டாங்க. விக்டோரியா சுப்ரீம் கோர்ட் அந்த வீட்டை வித்து வட்டியோட திருப்பிக் கட்டச் சொல்லிடுச்சு. ஜாமீன் கிடைக்கிறதுக்குள்ள 209 நாள் உள்ளே. 2023 செப்டம்பர்ல தீர்ப்பு. 18 மாசம் சமூகத் தண்டனை, மறுபடியும் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை. அந்தப் பொண்ணு சொன்னது, கூட்டாளி இது கம்பெனி போட்டியில கிடைச்ச பரிசுன்னு சொன்னாரு, நம்பிட்டேன்னு. கூட்டாளியும் பிற்பாடு திருட்டுக் குற்றத்தை ஒத்துக்கிட்டாரு.

இந்தக் கேஸ்ல எனக்கு மனசைப் பிடிக்கிறது அந்தச் சகோதரிதான். மலேசியாவுல உக்காந்திருக்கிற ஒருத்தர் பேருல வீடு. அவரையும் கோர்ட் ஆர்டர்ல இழுத்தாச்சு. நம்ம குடும்பத்துல இது சாதாரணம். "உன் பேருல போட்டு வைக்கிறேன்"னு அண்ணன் சொன்னா யாரும் ஏன்னு கேட்கறதில்ல. அனுப்பினவன் கவனிக்கலைன்னு நாள் ஓட்டுறவங்களும் அந்த ஏழு மாசத்தை யோசிக்கணும். ஏழு மாசம் யாரும் கேட்கலைங்கிறது விட்டுட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. இன்னும் கணக்குப் பார்க்கலைன்னு அர்த்தம்.

தமிழ்நாட்டுச் சேதியும் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். 2023 செப்டம்பர்ல சென்னை டாக்சி டிரைவர் ஒருத்தர் அக்கவுண்டுல தமிழ்நாடு மெர்க்கண்டைல் பேங்க் 9,000 கோடி ரூபாயைப் போட்டுடுச்சு. அவரோட இருப்பு அதுக்கு முன்னாடி நூத்துச் சொச்சம் ரூபாதான். மோசடி மெசேஜ்னு நெனைச்சு, நிஜமான்னு பார்க்க நண்பருக்கு 21,000 ரூபா அனுப்பிப் பார்த்தாரு. போயிடுச்சு! கொஞ்ச நேரத்துல மிச்சத்தை பேங்க் திருப்பி எடுத்துக்கிச்சு. அப்புறம் அந்த 21,000-க்கு பேங்குக்கும் அவருக்கும் வக்கீல் வெச்சுப் பேச்சு. கடைசியில பேங்க் அதைத் திருப்பிக் கேட்காம விட்டுடுச்சு, அவருக்கு நல்ல முடிவுதான். ஆனா நம்ம ஊர்ல அப்படி விடுவாங்கன்னு நம்பி யாரும் "சோதிச்சு" பார்க்காதீங்க. காசு நிஜமான்னு பார்க்க அனுப்ப வேண்டியதில்ல. மெசேஜை நம்பாம, ஆப்பைத் திறந்து இருப்பையும் ஸ்டேட்மெண்டையும் பாருங்க. மெசேஜ்ல மட்டும் காசு வந்து அக்கவுண்டுல வராம இருக்கிற மோசடியும் உண்டு. வராத காசைத் "திருப்பி" அனுப்பி, தன் சொந்தக் காசை இழந்தவங்க இருக்காங்க.

இப்போ நம்ம ஓப்பரேட்டர் பொண்ணு பேங்க்ல என்ன செஞ்சுச்சுன்னு முழுசா சொல்லிடறேன், ஏன்னா போய் நின்னா என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் பாதி பேரு போறதில்ல. போறதுக்கு முன்னாடியே காசு வந்த பக்கத்தையும், அந்த ஆளோட வாட்ஸ்அப் பேச்சையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சோம். அவனுக்கு ஒரே ஒரு பதில் அனுப்ப வெச்சேன்: "நீங்க உங்க பேங்குல சொல்லுங்க, என் பேங்குல நான் சொல்லிட்டேன். பேங்க் எடுத்துக் குடுக்கும்." நிஜமா தப்பா அனுப்பினவனுக்கு இந்தப் பதில் போதும், நிம்மதியாகூட இருக்கும். இவன் என்ன பண்ணான்? முதல்ல அழுகை, அப்புறம் திட்டு, அப்புறம் "உன் வீடு எனக்குத் தெரியும்"னு மிரட்டல். அதுவே போதும் ஆளைத் தெரிஞ்சுக்க. மிரட்டல் வந்ததும் பாலாய்ல ரிப்போர்ட் போட்டோம். ஏமாத்து வேலைன்னு சந்தேகம் வந்தா 997-க்கும் அடிக்கலாம், அது மோசடிக்குன்னே இருக்கிற தேசிய நம்பர்.

கவுண்டர்ல முதல்ல இருந்த பையன், "காக், அவங்களுக்கே அனுப்பிடுங்களேன், ஈஸி" அப்படின்னான். இதுதான் எனக்கு ஆத்திரம். பேங்க்ல வேலை செய்யறவங்களே இப்படிச் சொன்னா தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆஃபீசரைக் கேட்டோம். உக்காந்து பேசினாங்க. ஒரு பக்கம் கடிதம் எழுதினோம்: இன்ன தேதி, இத்தனை மணிக்கு, இந்தத் தொகை, இந்தப் பேருலேர்ந்து வந்துச்சு, இது என்னோடது இல்ல, நான் இதைத் தொடலை, அனுப்பின அக்கவுண்டுக்கே பேங்க் மூலமா திருப்பிக் குடுக்க எனக்குச் சம்மதம். ரெண்டு காப்பி. ஒண்ணுல பேங்க் முத்திரையும் தேதியும் வாங்கிக்கிட்டோம். அந்த முத்திரைதான் முக்கியம். நாளைக்கு யாரு என்ன கேட்டாலும், மறுநாளே வந்து சொன்னாங்கங்கறதுக்கு அதான் சாட்சி.

இதுல நான் யோசிக்காத ஒண்ணை அந்த ஆஃபீசர்தான் கேட்டாங்க: "இந்த அக்கவுண்டுல ஆட்டோ கட்டு எதுவும் போகுதா?" போகுது. மாசா மாசம் 12-ஆம் தேதி மோட்டார் லோன் 186 வெள்ளி. அக்கவுண்டுல அவ காசு 63 தான். 12-ஆம் தேதி வந்தா மிச்ச 123 வெள்ளியை அடுத்தவங்க காசுலேர்ந்து சிஸ்டமே எடுத்துடும். கை வைக்காமலே கை வெச்ச கணக்கு. அதனால அந்த மாசம் நான் 130 வெள்ளி கைமாத்துக் குடுத்து, 12-க்கு முன்னாடி உள்ளே போட வெச்சோம். நீங்களும் வந்த தொகைக்குக் குறையாம எப்பவும் இருப்பு இருக்குதான்னு பார்த்துக்கங்க. பயந்துபோய் அந்தக் காசை வேற அக்கவுண்டுக்கு மாத்தி "பத்திரமா" வைக்கவும் வேணாம், பணமா எடுத்து வீட்டுல வைக்கவும் வேணாம். விழுந்த இடத்துலயே கிடக்கட்டும்.

இன்னொரு வகையும் கெடாவுல நடக்குது, ஆலோங் வேலை. லோன் வேணுமான்னு போன்ல கேட்பான், நீங்க விவரம் குடுத்திருப்பீங்க, அப்புறம் வேணாம்னு சொல்லியிருப்பீங்க. திடீர்னு 500 வெள்ளி வந்து விழும். ஒரு வாரத்துல 900 கட்டுன்னு மிரட்டுவான். அங்கேயும் இதே வழிதான்: பேங்க், ரிப்போர்ட், கடிதம். "வட்டி" ஒரு காசு குடுக்காதீங்க. ஒரு தடவை குடுத்தா, கடன் வாங்கினதை ஒத்துக்கிட்ட மாதிரி அவன் பேசுவான்.

நம்ம கோயில் விஷயம் ஒண்ணு. ஒருத்தர் என்கிட்ட ரகசியமா கேட்டாரு: "தப்பா வந்த காசுல நான் ஒரு வெள்ளியும் தொடலை, அப்படியே உண்டியல்ல போட்டுட்டா பாவம் போயிடும்ல?" ஐயா, உண்டியல்ல போடறதும் செலவுதான். அடுத்தவர் காசை எடுத்து நீங்க தானம் பண்ண முடியாது. அப்புறம் அவர் கேட்டு வந்தா, கோயில் திருப்பிக் குடுக்குமா, நீங்க குடுப்பீங்களா? கோயில் அக்கவுண்டுக்கும் இது பொருந்தும். க்யூஆர் ஒட்டினதுலேர்ந்து பேரு, காரணம் எதுவும் இல்லாம காசு வருது. 10, 20 வெள்ளின்னா காணிக்கைதான். ஆனா ஒரு நாள் 5,000 வந்துச்சு, ஒரு கம்பெனி பேருல. நன்கொடைன்னு பொருளாளர் உடனே ரசீது போடாம நிறுத்தி வெச்சு, பேங்க் மூலமா விசாரிச்சாரு. அவங்க சப்ளையருக்குப் போட வேண்டியது நமக்கு வந்திருக்கு. திருப்பணிக்கு எவ்வளவு தேவைன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். அன்னைக்குக் கமிட்டியில ரெண்டு பேரு முணுமுணுத்தாங்கதான். பொருளாளர் காதுல வாங்கிக்கல.

நம்ம ஓப்பரேட்டர் பொண்ணு அக்கவுண்டுல அந்த 2,850-ஐ மட்டும் பேங்க் நிறுத்தி வெச்சுது. மூணு வாரம் ஆச்சு. நடுவுல போலீஸ்லேர்ந்து ஒரு தடவை கூப்பிட்டாங்க. முத்திரை போட்ட கடிதத்தையும் ரிப்போர்ட்டையும் காட்டினா, பத்து நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. அப்புறம் ஒரு காலையில ஆப்பைத் திறந்தா தொகை இல்ல. அந்தப் பொம்பளைக்கே போய்ச் சேர்ந்துடுச்சுன்னு பேங்க்ல சொன்னாங்க. நம்ம பொண்ணு அன்னைக்கு ரெஸ்ட்ல என்கிட்ட 130 வெள்ளியைத் திருப்பிக் குடுத்துச்சு, சம்பளம் வந்துடுச்சுன்னு.

அந்தக் கடிதத்தோட மலாய் மாதிரி என்கிட்ட இருக்கு. பேரு, தேதி, தொகை மட்டும் மாத்தினா போதும். வேணும்னா வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடப்பள்ளி பக்கம் வாங்க, ஆறு மணிக்கு மேல அங்கதான் இருப்பேன்.